மண்சரிவுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை

எங்கள் விருத்தாசலத்துக்குப் பெயரில்தான் மலை உண்டு. நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளரான என்னை ஒரு மலைப்பாதையின் பராமரிப்புக்குப் போட்டபோது, அம்மா ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்ததோடு சரி. மண் சரியும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் சாலை ஆய்வாளர் போன் செய்தார். மேல் வளைவை ஒட்டிச் சரிவு; சாலை முழுக்க மண். அவர் மேல்பக்கம் மாட்டிக்கொண்டார். நான் கீழ்பக்கமாகப் போய்ச் சேர்வதற்குள் ஜேசிபி வந்து, வேலையையும் ஆரம்பித்துவிட்டது. ஆள் நடக்க வழி பண்ணுவதாக அடிவாரத்து மண்ணை அள்ளியிருக்கிறார்கள். அடியில் அள்ளினால் மேலே நிற்கும் மண்ணுக்குத் தாங்கல் போய்விடும். அப்படித்தான் போனது. அள்ளிய பள்ளம் மூடி, இன்னும் ஒரு மடங்கு மண் வந்து கிடந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

ஓட்டுநரிடம் நான் வாய் திறப்பதற்குள் ஒரு பெண் குறுக்கே வந்தாள். "அவர திட்டாதீங்க மேடம். நான்தான் கெஞ்சுனேன்."

பிரசவ விடுப்பு முடிந்து அன்றுதான் கீழே வேலைக்குப் போயிருக்கிறாள். சரிவுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் வீடு. கைக்குழந்தையும் கணவரும் அங்கே. பிள்ளை புட்டிப்பால் தொடுவதில்லை. சங்கில் கொடுத்தாலும் துப்பிவிடுகிறதாம்.

"ஓரமா ஓடிப்போயிடறேன் மேடம்."

மழை நிற்கவில்லை. சரிவின் தலையில் வெடிப்பு ஓடியிருந்தது. இருட்டிவிட்டால் மேலே என்ன நகர்கிறது என்று பார்க்க முடியாது. பார்க்க முடியாத சரிவின் கீழே ஆளும் போகக்கூடாது, வண்டியும் போகக்கூடாது.

"விடியட்டும்ங்க," என்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். துப்பட்டாவை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டு, தான் வந்த பஸ்ஸின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பஸ்ஸுக்குப் பின்னால் வரிசையில் நின்ற லாரியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். பீங்கான் ஜாடி ஏற்றி வந்தவர், எங்கள் ஊருக்குப் பக்கத்து மங்கலம்பேட்டைக்காரர். என் பேச்சைக் கேட்டே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நம்ம ஊரு பொண்ணா நீங்க? சமதரையில வளந்துட்டு மலைக்கு வந்தீங்களே. ஆமா, அந்தப் பக்கமும் பஸ்ஸு நிக்குது இல்ல? அதுல கைப்புள்ளக்காரி ஒருத்தி இருக்க மாட்டாளா?"

எனக்கு அது தோன்றவேயில்லை. எச்சரிக்கைப் பலகை, விளக்கு, குடிநீர், பாம்பைப் பார்த்து நடக்கச் சொல்வது என்று என் மனதில் ஓடியது வேறு வரிசை. ஆய்வாளரை அழைத்தேன்.

"இருக்குதும்மா, ஒரு பொண்ணு. ஆனா நான் எப்படி வாய்விட்டுக் கேக்கறது? அடி வாங்கி வெப்பீங்க போலிருக்கே."

"நீங்க கேக்க வேண்டாம் சார். போன அவங்ககிட்ட குடுங்க."

என் போனைத் தாயிடம் நீட்டினேன். "அக்கா, எம்புள்ள..." என்று தொடங்கினாள். ஒலிபெருக்கியில் அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது.

"உன் புள்ளையா? கொண்டாரச் சொல்லு தாயி. இவன் குடிச்சிட்டு தூங்கிட்டான். எனக்கும் பால் கட்டிக்கிட்டுதான் இருக்குது."

தாய் தன் போனில் சொன்னதும், கணவர் குடை பிடித்துக் குழந்தையைக் கொண்டுபோய் பஸ்ஸில் கொடுத்தார். என் போனில் முதலில் வீறிட்ட அழுகை. புது உடம்பு, புது வாசனை. தாய் கண்ணை மூடிக்கொண்டாள். அழுகை விக்கலானது, விக்கலும் நின்றது. போனை அணைக்காமல் வெகுநேரம் காதோடு வைத்திருந்தாள்.

"குடிக்கிறானா?" என்றார் லாரிக்காரர்.

"பேசாதீங்கண்ணா," என்றாள்.

விடியலுக்கு முன் மழை விட்டிருந்தது. வெளிச்சம் வந்ததும் பணியாளர்களோடு மேலே ஏறிப் பார்த்தேன். வெடிப்பு விரிகிறதா என்று பார்க்க அதன் இருபுறமும் மாலையில் நாங்கள் அடித்த முளைக்குச்சிகள் விலகவில்லை. கசிவு நீரும் கலங்கலில்லாமல் தெளிந்திருந்தது. மேலிருந்து தளர்ந்த மண்ணைத் தட்டி இறக்கிவிட்டு, ஓரமாக நடைவழி போட்டோம். பயணிகள் நடந்து பஸ் மாறிக்கொள்ள, இருபக்கத்து பஸ்களும் வந்த வழியே திரும்பிவிடும். மண் எடுத்து வண்டிகளை விட மத்தியானமாகும்.

நடப்பவர்களுக்கு ஒரே கட்டளை: நடுவில் நிற்கக்கூடாது. காவல் நின்றது நான். விசில் வாயில், கண் சரிவின்மேல். காவல் நிற்பவர் கீழே பார்க்கக்கூடாது. அந்த ஒரு நொடியில்தான் கல் உருளும்.

மேல்பக்கத்திலிருந்து அந்த அக்காவும், கீழ்பக்கத்திலிருந்து இவளும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள் என்று பக்கத்தில் நின்ற லாரிக்காரர் சொன்னார். நடுவில் காலடிச் சத்தம் தயங்கியது. ஊத வேண்டும். மண்ணைப் பார்த்தேன். ஒரு பொடிக்கல்கூட அசையவில்லை. இன்னும் ஒரு மூச்சு பார்த்தேன், பிறகு ஊதினேன். காலடிகள் பிரிந்து நடந்தன.

"என்ன பேசுனாங்க?" என்று பிறகு லாரிக்காரரிடம் கேட்டேன்.

"ஒன்னும் பேசல. அந்தம்மா இவ கன்னத்த தொட்டுச்சு, அவ்வளவுதான். அதுக்குள்ள நீங்கதான் ஊதிட்டீங்களே."

அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை சிணுங்கி, உடனே அடங்கியது. நான் அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.