பாதியாக்கிய பெருக்கம்

சரியாக விடை எழுதிய மாணவியை நான் பெயிலாக்கினேன். ரொறன்ரோக் கல்லூரியொன்றில் இலத்திரனியல் படிப்பித்த காலம் அது.

ஒரு பக்க மின்னோட்டத்தை மறுபக்கத்தில் பிரதிசெய்யும் ‘மிரர்’ சுற்றுள்ள மொஸ்பெற் சோடிப் பெருக்கியின் வெளியீட்டுத் தடை, வெளியீட்டில் சேரும் இரண்டு ட்ரான்சிஸ்டர்களின் rₒ என்ற உள்தடைகளும் சமாந்தரமாக இணைந்தது. அதை, உள்ளீட்டு அழுத்தத்தை மின்னோட்டமாக்கும் அளவான gm ஆல் பெருக்கினால் பெருக்கம் என்று எழுதியிருந்தாள். ஒரு பக்கத்தில்தானே வெளியீட்டை எடுக்கிறோம் என்று நான் அந்தப் பெருக்கத்தைப் பாதியாக்கி, அவளது விடை பிழையென்று புள்ளியை வெட்டினேன்.

அறைக்கு வந்து கேட்டாள். “சேர், மற்றப் பக்கத்துச் சிக்னல் கரண்டையும் மிரர் கொண்டுவந்து சேர்க்குதே?”

“வேலைக்குப் போற பஸ்ஸில படிச்சால் உப்பிடித்தான் வரும், பிள்ளை.”

அடுத்த தவணை ஆய்வுகூடத்தில் நானே அளந்தேன். என் கணக்கைப்போல் இருமடங்கு வந்தது. புள்ளியைத் திருத்திவிட்டு, அதற்குள் படிப்பை விட்டுப் போயிருந்தவளிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன்.

“சரியெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், சேர். உங்களுக்குத்தான் இப்ப தெரியுது.”

விட்ட படிப்புக்கு அவள் திரும்பவில்லை.