மாடிக்கென்று விட்ட கம்பி

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுப் படுக்கையறைக்குள் மழைக்காலம் தோறும் ஒழுகும் தண்ணீருக்கு ஒரு வாளி இருக்கும். சாரல் விழுந்தால் ஊரே குற்றாலத்துக்குக் குளிக்க ஓடும். எனக்கு மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஒழுக்கு மழையோடு நிற்காது. மழை விட்டு நாலு நாள் ஆன பிறகும் தூண் ஓரமாகச் சொட்டிக்கொண்டிருக்கும். என் கணவர் முதலில் உள்கூரைக்கு பெயின்ட் அடித்தார். ஒரே மாதத்தில் பொருக்காக உதிர்ந்தது. அடுத்த வருடம், சாரலுக்கு நடுவே இரண்டு நாள் வெயில் அடித்ததும், மொட்டை மாடியில் பதித்த தட்டோடு முழுக்க வெள்ளைப் பூச்சு பூசினார். உள்ளே ஈரம் இருக்கிறதே என்றேன். யார் கேட்டார்கள்? பூச்சு அப்பளமாக உப்பிக் கிளம்பியது.

கடைசியில் இலஞ்சியிலிருந்து ஒரு கொத்தனாரை வரவழைத்தேன். அவர் தண்ணீர் போகும் குழாயைத் துணியால் அடைத்து, மொட்டை மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் கட்டினார். மறுநாள் அறைக்கு நடுவே காய்ந்தே கிடந்தது. தூண் ஓரம் மட்டும் நனைந்திருந்தது. எங்களை மேலே கூட்டிப்போனார்.

"தட்டோட்டுக்கு அடியில செங்கல் ஜல்லி கெடக்குல்லா, அது தண்ணியக் குடிச்சு வச்சுக்கிடும்க்கா. அதான் மழை விட்டும் சொட்டுது. ஆனா உள்ள எறங்குத வழி இங்கனதான்" என்று தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைக் காட்டினார்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டு மேலேயும் அப்படிக் கம்பி நிற்கும். எங்களுடையது மகனுக்கு மாடி எடுப்பதற்காக விட்டது. துருப்பிடிக்கக் கூடாதென்று என் கணவர் வருடா வருடம் சாக்கு சுற்றிக் கட்டுவார். கொத்தனார் சாக்கை அவிழ்த்தார். ஈரச் சாக்குக்குள் கம்பி பாதியாக இளைத்திருந்தது. துரு உப்பி, அடியில் கான்கிரீட்டை வெடிக்க வைத்திருந்தது.

"அண்ணாச்சி, இத வெட்டி எடுத்து, வெடிப்பக் கொத்தி அடைச்சு, நல்லாக் காஞ்ச பொறவு பூசணும். வேற வழியில்ல."

"அப்போ மாடி?"

"இந்தக் கம்பியில மாடி நிக்காது. பின்னால கட்டணும்னா புதுசாத் துளை போட்டுக் கம்பி எறக்கிக்கிடலாம்."

என் கணவர் முகம் சுண்டிப்போனது. "பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்று அங்கேயே நின்று பெங்களூருக்கு போன் போட்டார். எனக்கும் சத்தம் கேட்டது.

"அந்தக் கம்பி இன்னுமாப்பா நிக்குது? நான் இங்க வீடு வாங்குனப்பவே வெட்டிட்டீங்கன்னுல்லா நெனச்சேன்."

அவன் வீடு வாங்கி நாலு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் நாலு முறை சாக்கு மாற்றியிருக்கிறார் மனுஷன். எனக்கிருந்த எரிச்சல் எல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொத்தனாரிடம் சொன்னார்: "பையன் வெட்டச் சொல்லிட்டான்."