விளம்பரங்களைப் பட்டியல் போட்டபோது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒன்பது வருடம் எக்ஸெல்லோடு குடும்பம் நடத்தினேன். பிவட், லுக்அப் என்று அதன் வித்தைகள் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதவி மட்டும் டேட்டா என்ட்ரி. ரிப்போர்ட் என்னுடையது, மீட்டிங்கில் பெயர் மானேஜருக்கு. வயிறு எரியுமா எரியாதா? ஒரு சான்றிதழ் வாங்கி ரிப்போர்ட்டிங் வேலைக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

எந்தச் சான்றிதழ் என்பதில்தான் குழப்பம். எக்ஸெல்லிலேயே உயர்நிலைத் தேர்வு இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு பாஸ் செய்துவிடுவேன். இன்னொன்று, தரவைப் படங்களாக்கிக் காட்டும் பவர் பிஐ மென்பொருளுக்கான தேர்வு. தரவைச் சுத்தம் செய்வது, அட்டவணைகளை இணைப்பது, டாஷ்போர்டு கட்டுவது எல்லாம் கேட்பார்கள். வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். பயந்துபோய் எக்ஸெல் பக்கமே சாய்ந்தேன்.

"இன்னாம்மா நீ, தெரிஞ்சதுக்கே இன்னொரு பரீட்சையா?" என்று சாப்பாட்டு நேரத்தில் சிரித்தார் பூந்தமல்லியிலிருந்து வரும் ஸ்டோர்ஸ் அண்ணன். "வேலை குடுக்கறவன் இன்னா கேக்கறான்னு பாரு மொதல்ல."

சரிதானே! இரண்டு வாரம் வேலை விளம்பரங்களைத் தேடி, ஒவ்வொன்றையும் ஷீட்டில் ஒரு வரியாக ஏற்றினேன். எக்ஸெல் மட்டும் கேட்டவை பெரும்பாலும் என் இப்போதைய வேலையைப் போன்றவை. ரிப்போர்ட்டிங் வேலைகள் பவர் பிஐயையும் தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லையும் சேர்த்துக் கேட்டன. முடிவு தெளிவாகிவிட்ட சந்தோஷத்தில் வரிகளை மறுபடி படித்தேன்.

ஒரு வரியில் கண் நின்றது. அம்பத்தூர், உதிரிபாகக் கம்பெனி, பெயர் போடவில்லை. தினசரி டெஸ்பாட்ச், ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டுகள் காலை ஒன்பதரைக்குள் போக வேண்டும். இப்போது எக்ஸெல்லில் இருப்பதை பவர் பிஐக்கு மாற்றத் தெரிந்தவர், உடனடியாகச் சேர வேண்டும்.

ஒன்பதரை என் கெடு. அந்த ரிப்போர்ட்டுகள் நான் போடுபவை. என் நாற்காலிக்கே ஆள் தேடுகிறார்கள்!

அந்த வாரமே மானேஜர் வந்து நின்றார். "நீங்க லீவு போட்டா யாராவது பார்க்கணுமேம்மா. ரிப்போர்ட் எப்படிப் போடறீங்கன்னு ஸ்டெப் ஸ்டெப்பா எழுதி வைங்க." ஒன்பது வருடத்தில் என் லீவைப் பற்றிக் கவலைப்படாத மனிதர்! எழுதினேன்.

அன்று மாலையே பவர் பிஐ தேர்வுக்குப் பதிவு செய்தேன். மறுநாள் அவர் அறைக்குப் போய், "சார், விளம்பரத்தைப் பார்த்தேன். ரெண்டு மாசத்துல தேர்வு எழுதிடுவேன். அந்த வேலையை நானே பண்றேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? ஆள் எடுத்தாச்சு. திங்கக்கிழமை வர்றாங்க. ஒரு மாசம் பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்துடுங்க."

"அதுக்கப்புறம் நான் என்ன சார் பண்றது?"

"நல்லாப் படிங்கம்மா," என்றார். "வெளியில அதுக்கு நல்ல டிமாண்ட் இருக்கு."