பதினாறில் ஒரு பங்கு

மகளின் டியூஷன் வகுப்புப் பின்சுவரில் மண் வந்து மோதிய அன்று சைரன் அடிக்கவில்லை. அந்த சைரன் எப்போது அடிக்க வேண்டும் என்ற கணக்கை எழுதியவள் நான்.

இதை எழுத உட்காரும்போதெல்லாம் அந்த இரண்டு வாக்கியங்களோடு களைத்துப் போய் எழுந்துவிடுவேன். இன்று அவற்றைத் தாண்டிக் கொஞ்சம் எழுதப் பார்க்கிறேன்.

மலைச்சரிவுகளில் அளவுக்கருவிகளைப் பொருத்திப் பராமரிப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. கண்டியைச் சுற்றி ஆறு இடங்களில் எங்கள் பெட்டிகள் இருக்கின்றன. பெட்டி என்றால், மேலே வெடித்திருக்கும் நிலத்தின் குறுக்கே ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதன் நீளத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் கருவியும், அந்த அளவுகளைப் படிக்கும் ஒரு சின்னச் சிப்பும். மழையிலும் வெயிலிலும் கம்பி மெதுவாக நீளும், சுருங்கும், அதில் ஆபத்தில்லை. நிலம் அசையத் தொடங்கினால் அளவுகள் துள்ளும். ஆகவே பத்து அளவுகள் சேர்ந்ததும் அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று, அதாவது நியம விலகலை, பெட்டி கணக்கிடும். அது 0.4 மில்லிமீற்றரைத் தாண்டினால் கீழே வீடுகளுக்கு நடுவிலுள்ள சைரன் அலறும்.

கம்பளை வீதியை அண்டிய ஒரு சரிவில் இருக்கும் பெட்டிதான் இந்தக் கதை. சரிவின் கீழே ஏழெட்டு வீடுகள், ஒரு டியூஷன் மண்டபம். என் மகள் உயர்தர வகுப்புக்கு எங்கள் வீடு இருக்கும் மஹய்யாவவிலிருந்து வாரம் இருமுறை பஸ் ஏறி அங்கேதான் போகிறாள். அந்த மண்டபத்துக்கு அவளை அனுப்பப் பயந்ததும், "நம்ம பெட்டி இருக்கே" என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டதும் நானேதான்.

அன்று பிற்பகல் மூன்றரை மணி. பின்பக்க வடிகானில் தண்ணீர் செம்மண்ணாக ஓடுவதை ஆசிரியர் கண்டு, பிள்ளைகளை வீதிக்கு இறக்கிவிட்டார். ஐந்து நிமிடத்தில் மண் வந்தது. மண்டபத்தின் பின்சுவர் பிளந்தது. பக்கத்து வீட்டுச் சமையலறை இல்லாமல் போயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மகள் ஃபோன் எடுத்து, "மா, நான் நல்லாத்தான் இருக்கேன், பேக் மட்டும் உள்ள மாட்டிக்கிச்சு" என்றாள். அதற்குப் பிறகு நான் கதிரையிலிருந்து எழ முயன்றது நினைவிருக்கிறது, எழுந்தது நினைவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில் பெட்டியின் பதிவை எடுத்து வைத்துக்கொண்டேன். என்னோடு வேலை செய்யும் எஞ்சினியர் மடவளை ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மிஸ், ஏதும் சாப்பிட்டீங்களா?"

"அப்புறம் பார்ப்போம், சேர்."

"அப்புறம் அப்புறம்ன்டு நேத்தும் சொன்னீங்க."

மண் விழுவதற்கு முந்திய அரைமணியில் பெட்டி மூன்று முறை கணக்கிட்டிருந்தது: 0.25, 0.43, 0.35. சைரன் அடிக்க, அடுத்தடுத்து இரண்டு முறை எல்லையைத் தாண்ட வேண்டும். அந்த விதியைப் போட்டதும் நான். ஆறு மாதத்துக்கு முன் அங்கே பழைய கருவியை எடுத்துவிட்டு நீளக் கம்பிக்கான புதியதைப் பொருத்தினோம். அதிலிருந்து ஒன்றுமில்லாத நாட்களிலும் நாளுக்கு ஒருமுறையாவது சைரன் அலறியது. கீழே இருந்தவர்கள் ஏசினார்கள். காற்றில் கம்பி ஆடுகிறது என்று நினைத்து, இரண்டு முறை தாண்டட்டும் என்று மாற்றினேன். சில நேரம் பெட்டி எண்ணுக்குப் பதிலாக 'எண் இல்லை' என்று காட்டியது. மைனஸ் எண்ணுக்கு, அதாவது எதிரெண்ணுக்கு, வர்க்கமூலம் எடுக்கப் போனால் அப்படித்தான் காட்டும். சிதறல் எதிரெண்ணாக இருக்க முடியாதே, ஏதோ சின்னப் பிசகு என்று, எதிரெண் வந்தால் பூச்சியமாக்கு என்று ஒரு வரி சேர்த்தேன். தலைவலிக்கு மாத்திரை போடுவது போல.

பெட்டி அனுப்பிய மூல அளவுகளும் கையில் இருந்தன. அதே சூத்திரத்தை அலுவலகக் கணினியில் போட்டுப் பார்த்தேன். 0.42, 0.45, 0.44. மூன்றும் எல்லைக்கு மேல். சைரன் மண்ணுக்குப் பத்து நிமிடமாவது முன்னால் அடித்திருக்க வேண்டும்.

"ஒரே சூத்திரம், ஒரே அளவு. ரெண்டு பதில் எப்படி வருது?" என்றார் எஞ்சினியர்.

எனக்கும் தெரியவில்லை. ஆறு மாதப் பதிவை மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே போனேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. பூச்சியம், 0.25, 0.35, 0.43, 0.50. ஆறு மாதமும் இவை மட்டுமே. 0.28 என்று ஒருநாள்கூட இல்லை, 0.31 என்று இல்லை. மலை இப்படிப் படி வைத்து ஏறி இறங்குமா? அந்த எண்களை வர்க்கித்துப் பார்த்தேன். பதினாறில் ஒன்று, பதினாறில் இரண்டு, மூன்று, நான்கு.

பதிவை விட்டுவிட்டு, பெட்டிக்கு நான் எழுதிய கணக்கைத் திறந்தேன்.

சூத்திரம் என் உயர்தர வகுப்பில் படித்தது. மகளின் கொப்பியிலும் இருக்கிறது. வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழி, வர்க்கமூலம் எடு. ஒவ்வொரு அளவிலிருந்தும் சராசரியைக் கழித்து வர்க்கிப்பதைவிடக் கையால் செய்ய இலகு என்று பரீட்சைக்காக எல்லோரும் பாடமாக்குவது. கணிதப்படி இரண்டும் ஒன்றே. ஆனால் பெட்டியிலிருக்கும் சிப் ஓர் எண்ணில் ஏறத்தாழ ஏழு இலக்கங்களைத்தான் வைத்திருக்கும். அலுவலகக் கணினி பதினைந்து, பதினாறு வைத்திருக்கும். பழைய கருவியின் அளவுகள் நாலைந்து மில்லிமீற்றர். அவற்றின் வர்க்கம் இருபது, இருபத்தைந்து. அதற்கு ஏழு இலக்கம் தாராளம். புதிய கருவி 812 மில்லிமீற்றர் என்று சொல்லும். அதன் வர்க்கம் ஆறு லட்சத்து அறுபதினாயிரத்துக்குக் கிட்ட. அவ்வளவு பெரிய எண்ணை அந்தச் சிப் பதினாறில் ஒரு பங்குப் படிகளில்தான் எழுத முடியும்.

எஞ்சினியருக்குத் தாளில் காட்டினேன். இரண்டே அளவுகள்: 812.1, 812.4. ஒவ்வோர் அடியிலும் ஏழு இலக்கத்தோடு நிறுத்தினோம். வர்க்கங்கள் 659506.4, 659993.8. கூட்டினால் 1319500.2, ஏழு இலக்கத்தில் 1319500. பாதி 659750.0. சராசரி 812.25, அதன் வர்க்கம் 659750.1. கழித்தால்?

"மைனஸ் பூச்சியம் தசம் ஒண்டு," என்றார். பேனாவை வைத்துவிட்டார். "உண்மையான பதில்?"

"0.0225."

இரண்டு எண்களிலும் முன்னால் இருக்கும் ஆறு இலக்கங்களும் ஒன்றுதான். கழிக்கும்போது அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. மிஞ்சுவது கடைசி இலக்கம். அது ஏற்கனவே ஏழு இலக்கத்துக்காக வட்டமாக்கிக் கெட்டுப்போன இலக்கம். நான் தேடிய அசைவு அதற்கும் கீழே இருந்தது. கழிக்கும் முன்பே அது தொலைந்துவிட்டது. பொய்யாக அலறியதும் உண்மையில் அலறாததும் ஒரே காரணத்தால்தான். பொய் அலறலையும் 'எண் இல்லை'யையும் நான் தலா ஒரு வரியால் மூடி வைத்திருந்தேன்.

எஞ்சினியர் தாளை மடித்து வைத்தார். பிறகு மெதுவாக, "அறிக்கையில சென்சர்ல தண்ணி போயிட்டுன்டு எழுதினா யாரும் கேக்கப்போறதில்ல, மிஸ். உங்கட புள்ளையும் அங்க இருந்திச்சு. உங்களுக்கு இது போதும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"சென்சர் சரியாத்தான் அளந்திருக்கு சேர். அது மேல பழி போட்டா, இந்தக் கணக்கை நாளைக்கு இன்னொருத்தர் இன்னொரு பெட்டியில போடுவாங்க."

"அதுவும் சரிதான்," என்று தேநீரை என் பக்கம் நகர்த்தினார். "இதையாவது குடிங்க. ஆறிப்போய் இரிக்கு."

திருத்தம் நாலு வரிக்கு மேல் வரவில்லை. பத்து அளவுகளையும் வைத்துக்கொள். முதல் அளவை எல்லாவற்றிலிருந்தும் கழி. மிஞ்சும் சின்ன எண்களுக்குச் சராசரி எடு. ஒவ்வொன்றும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகலை வர்க்கி. இங்கேயும் கழித்தல் இருக்கிறதே என்று எஞ்சினியர் கேட்டார். இருக்கிறது. ஆனால் இது வட்டமாக்கும் முன் நடக்கும் கழித்தல். கருவி தந்த இரண்டு அளவுகளை நேராகக் கழிக்கும்போது புதிதாக எதுவும் தொலைவதில்லை. வர்க்கித்து, பெருக்கி, இலக்கங்களை இழந்தபின் கழிப்பதுதான் கொலை. 812.1, 812.4 என்பதை 0, 0.3 என்று ஆக்கினோம். சராசரி 0.15, விலகல்கள் 0.15, வர்க்கம் 0.0225. தாளிலேயே வந்துவிட்டது.

எதிரெண்ணைப் பூச்சியமாக்கும் வரியையும், இரண்டு முறை தாண்ட வேண்டும் என்ற விதியையும் அழித்தேன். வர்க்கங்களைக் கூட்டினால் எதிரெண் வரவே வழியில்லை.

சனிக்கிழமை பிற்பகல் புதிய கம்பியும் புதிய கணக்கும் கொண்டு போனோம். வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு நாளில் கனமழை என்றிருந்தார்கள். மகள் தானாகவே வந்தாள், பேக் எடுக்க வேண்டுமாம். சமையலறையை இழந்த அக்கா முற்றத்தில் கல் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்காவது அடிக்குமா, இல்ல சும்மா கட்டிட்டுப் போறீங்களா?" என்றார் தலையைத் தூக்காமல்.

எஞ்சினியரை மேலே அனுப்பினேன். மேலே எஞ்சினியர் கம்பியைக் கையால் இழுத்து விட்டு, இழுத்து விட்டு, பத்து நிமிடம் நின்றார். கீழே சைரன் கம்பத்திலிருக்கும் திரையில் பெட்டியின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை 0.03, 0.04 என்று இருந்தது 0.47 ஆனது. சைரன் அலறியது. வீடுகளிலிருந்து எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். சோதனைதான் என்று சொல்லி வைத்திருந்தும் ஓடி வந்தார்கள்.

சத்தம் நின்றதும் அந்த அக்காவிடம் போனேன்.

"அன்னைக்கு அடிக்காததுக்குக் காரணம் நான் எழுதின கணக்கு, அக்கா. கருவி இல்ல. மழை இல்ல. நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விறகை உள்ளே தள்ளினார். ஏசுவார் என்று நின்றேன். ஏசினால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"உங்க மகளும் அந்த மண்டபத்துலதானே இருந்துச்சு?"

"ஆமாக்கா."

"ம்." புகையைக் கையால் விலக்கினார். "கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு, ரேடியோவும் போட்டு வச்சிருந்தா உள்ளுக்குக் கேக்குமா இது?"

தெரியாது என்றேன். அதை நாங்கள் ஒருபோதும் சோதித்ததில்லை.

"அப்ப இன்னொருக்கா இழுக்கச் சொல்லுங்க. நான் உள்ளுக்குப் போய் நிக்கிறேன்."

"நானும் மண்டபத்துக்குள்ள போறேன் மா," என்றாள் மகள். அவள் கையைப் பிடித்தேன். பிளந்த சுவர் இருந்த பக்கம் வேண்டாம், முன் அறை மட்டும் என்றேன். சரி சரி என்று கையை விடுவித்துக்கொண்டு போனாள்.

எஞ்சினியருக்கு ஃபோன் செய்தேன். "திரும்பவுமா?" என்று பெருமூச்சு விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்தார். ரேடியோவின் சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அக்கா கதவைச் சாத்தினார். முதல் துளிகள் விழத் தொடங்கின. திரையின் முன் நின்று, பத்து அளவுகள் சேரும் வரை காத்திருந்தேன்.