கணக்கில் வராத ரசீது

தை பிறந்தால் எங்கள் தொழிற்சாலை அலுவலகத்தில் ஒரே ரசீது வேட்டைதான். வரி விலக்குக்கு ஆதாரம் கொடுக்காவிட்டால் பிப்ரவரிச் சம்பளத்தில் வரியைப் பிடித்துவிடுவார்கள். பழைய வரி முறையிலேயே இருக்கும் என்னைப் போன்றவர்களுக்குத்தான் இந்தப் பாடு.

ஸ்ரீரங்கத்து வீட்டில் அந்த வேலை அக்கா மகளுடையது. அக்கா போனதிலிருந்து என்னோடுதான் வளர்கிறாள். அதுவரை ஃபீஸ் வாங்காத பள்ளியில் படித்தவள், அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். பத்தாவது படிக்கும் என் மகளின் ரசீதையும் தன் ரசீதையும் போட்டோ எடுத்து, தேதிவாரியாக ஒரே பிடிஎஃப் ஆக்கினாள். என் மகள் எட்டிப் பார்த்து, "வேன் ஃபீஸையும் சேருடி" என்றாள்.

"வேன், புக்கு எதுவும் சேராது. டியூஷன் ஃபீஸ் மட்டுந்தான். அதுவும் ஏப்ரல்லேருந்து மார்ச்சுக்குள்ள கட்டினதா இருக்கணும்" என்றாள் இவள். கெட்டிக்காரி! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்காரர் அந்த பிடிஎஃப்பைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "மேடம், காலேஜ் ரசீதுல அப்பா பேர் வேறயா இருக்கே?"

"அக்கா பொண்ணு சார். நான்தான் வளக்குறேன். நான்தான் கட்டுறேன்."

"புரியுதுங்க. ஆனா சொந்தப் பிள்ளைங்க ரெண்டு பேருக்குத்தான் இது. இவங்களைச் சேர்க்க முடியாது."

"கட்டுற கை என் கைதானே?" என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்? சட்டம் அப்படி. வரி போனால் போகட்டும், அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

பிடிஎஃப்பை மாற்ற எனக்குத் தெரியாது, என் மகளுக்கும் தெரியாது. அவளிடமே சொல்ல வேண்டியதாயிற்று.

"உன் ரசீதை மட்டும் எடுத்துடும்மா."

"ஏன் சித்தி? தப்பாப் போட்டுட்டேனா?"

"இல்லடி. சொந்தப் பிள்ளைங்களுக்குத்தான் உண்டாம். கவர்மெண்டு ரூல்." சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஓ" என்றாள். தன் பக்கங்களை நீக்கிவிட்டு, "ஆச்சு சித்தி" என்று போனை நீட்டினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அழுதிருந்தாலாவது கட்டிக்கொண்டிருப்பேன்.

அடுத்த வாரம் அடுத்த செமஸ்டருக்குப் பணம் கட்டப் போனாள். முதல் செமஸ்டருக்குக் கட்டியபோது கவுண்டரை விட்டு நகர்வதற்குள் ரசீது போட்டோ வந்துவிட்டது. அன்று வரவில்லை. போன் செய்தேன்.

"கட்டிட்டேன் சித்தி. போட்டோ எதுக்கு? அது கணக்குல வராதே."

"கணக்கு கிடக்குது கழுதை! நீ அனுப்புடி" என்று அலுவலகம் என்றும் பார்க்காமல் இரைந்தேன்.

கொஞ்ச நேரத்தில் போட்டோ வந்தது. அதற்குக் கீழே, "ஃபீஸ் கட்டினதுக்கு ரொம்ப நன்றி சித்தி" என்று எழுதியிருந்தாள். என் மகள் ஒரு நாளும் எனக்கு அப்படி எழுதியதில்லை.