‘சரிசெய்தாயிற்று’ என்று மூடப்பட்ட மூன்று குறைகள்

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அரிசி ஆலைகளில் நெல்லின் ஈரப்பதத்தை அளக்கும் கருவிக்கு மென்பொருள் எழுதுகிறோம். எனக்கு எதிர் மேசையில் இருந்தவன் கல்லூரியில் என்னோடு படித்தவன். இந்த வேலை இருப்பதை எனக்குச் சொன்னதே அவன்தான். மதியச் சாப்பாட்டை இருவரும் பங்கிட்டுக்கொள்வோம்.

நாங்கள் எழுதும் நிரல்களைச் சேர்த்து, கருவியில் ஓடும் மென்பொருளாகக் கட்டித் தருகிற பில்ட் ஸ்கிரிப்டை எழுதியவன் அவன். கட்டும் வேலையைப் புதுக் கணினிக்கு மாற்றலாம் என்று முதலாளி நினைத்தார். அதற்கு முன் அந்த ஸ்கிரிப்டைப் பரிசீலிக்க என்னிடம் சொன்னார்.

மூன்று குறைகள் கண்ணில் பட்டன. எங்கள் நிரல்களுக்குத் தேவையான ஒரு லைப்ரரி இருக்கும் இடமாக அவனுடைய கணினியின் சொந்த ஃபோல்டரையே எழுதியிருந்தான். அதனால் வேறு எந்தக் கணினியிலும் மென்பொருளைக் கட்ட முடியாது. இரண்டாவது, ஈரப்பதக் கணக்குப் பகுதி அளவீட்டு அட்டவணைக் கோப்பைச் சார்ந்தது என்பதை எங்கும் குறிப்பிடவில்லை. அட்டவணையை மாற்றினாலும், ‘இதில் எதுவும் மாறவில்லை’ என்று எண்ணி, ஏற்கெனவே கட்டிவைத்த பழைய பகுதியையே ஸ்கிரிப்டை ஓட்டும் ‘மேக்’ நிரல் எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, எதைக் கட்ட வேண்டும் என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் டார்கெட்டுகளின் பெயர்கள்: ஃபைனல், நியூ, டெஸ்ட்-டூ. ஆலைக்குப் போவது எது என்று யாராலும் சொல்ல முடியாது. பழையதை அழித்துவிட்டு முழுக்கப் புதிதாகக் கட்டுவது டெஸ்ட்-டூ மட்டும்தான்.

மூன்றையும் ரிவ்யூவில், அதாவது என் பரிசீலனைப் பதிவில், தனித்தனிக் குறிப்பாக எழுதினேன். எழுதியதோடு விடாமல் அவன் மேசைக்கே போய்த் திரையில் காட்டினேன்.

“இந்த ரெண்டாவதுதாண்டா ஆபத்து. பில்ட் எர்ரர் காட்டாது. பேசாம பழைய கணக்கைப் போட்டுடும்.”

“புரியுது. நான் இன்னிக்கே மாத்திடுறேன். நீ கவலைப்படாத.”

மறுநாள் மூன்று குறிப்புகளும் ‘சரிசெய்தாயிற்று’ என்று மூடப்பட்டிருந்தன. திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவன் சொன்னால் போதும் என்றுதான் அத்தனை வருடமும் இருந்தேன்.

குறுவை அறுவடையின்போது புது நெல் ரகத்துக்காக அட்டவணையைத் திருத்தினேன். புதுக் கணினி இன்னும் வராததால் அவன் தன் கணினியிலேயே ஃபைனலை ஓட்டி, மென்பொருளை மன்னார்குடி ஆலைக்கு அனுப்பினான். கருவித் திரையில் புதுப் பதிப்பு எண் தெரிந்தது. எல்லோரும் அதை நம்பினோம்.

ஆலையிலிருந்து புகார் வந்தது. முதலாளியும் நானும் போனோம். வாசலில் டிராக்டர்கள் நின்றன. மழை தூறிக்கொண்டிருந்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

“ஏம்மா, நீங்கதான் மிஷின் ஆளா? நல்லாக் காஞ்ச நெல்லும்மா இது. ஈரம்னு திருப்பி அனுப்புறாங்க. இந்த மழையில எங்க கொண்டுபோய்க் காயப்போடுவேன், சொல்லுங்க?”

அவர் நெல்லில் ஒரு பிடி வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். ஆலையின் அடுப்பில் உலர்த்தி எடைபோட்டுப் பார்த்தபோது அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. கருவி காட்டியது பழைய அட்டவணையின் கணக்கு.

முதலாளி அங்கிருந்தே அவனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். நான் பக்கத்தில் நிற்பது அவனுக்குத் தெரியாது.

“பில்ட் ஸ்கிரிப்டைப் பார்த்து ஓகே சொன்னது அவங்கதான் சார். ரிவ்யூல அவங்க பேர்தான் இருக்கு. நான் அதை நம்பித்தான் அனுப்பினேன்.”

‘அவங்க’ என்று அவன் சொன்னது என்னைத்தான். அவன் குரலில் தடுமாற்றமே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

என் மடிக்கணினியைத் திறந்து, மூடப்பட்ட குறிப்புகளையும் ஸ்கிரிப்டையும் முதலாளியிடம் காட்டினேன். ஒரு வரிகூட மாறியிருக்கவில்லை. அவர் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“சரிம்மா. முதல்ல இதை ஓட வைங்க. மத்ததை உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்குங்க.”

அந்த லைப்ரரியின் பிரதி என்னிடம் இருந்தது. ஆலையின் எடைமேடை அறையில் உட்கார்ந்து அதை நிரல்களோடு சேர்த்தேன். லைப்ரரியை அங்கிருந்தே எடுக்கும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன். எந்தப் பகுதி எந்தக் கோப்பைச் சார்ந்தது என்பதை, நிரலைக் கருவிக்கான மொழியில் மாற்றித் தரும் கம்பைலரே குறித்துத் தரும்படி செய்தேன். ஆலைக்குப் போக ஒரே டார்கெட், ‘ரிலீஸ்’ என்று வைத்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டி, கருவியில் ஏற்றினேன். அந்த அம்மாவின் நெல்லை மறுபடி அளந்தார்கள். இறக்கச் சொன்னார்கள். அவர் என் பக்கம் திரும்பாமல் டிராக்டரை நோக்கி ஓடினார்.

மறுநாள் மாடிப்படியில் அவன் என்னை நிறுத்தினான்.

“கோவமா? சென்னையில ஒரு வேலை வர்ற மாதிரி இருக்கு. சார்கிட்ட விசாரிப்பாங்க. இந்த நேரத்துல என் பேர் கெடக் கூடாதுன்னு உன் பேரைச் சொல்லிட்டேன். உன்னைன்னா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாருல்ல.”

“அப்போ எதுக்குடா சரிசெஞ்சாச்சுன்னு மூடுன?”

“நேரமில்ல. அப்புறம் மறந்துட்டேன்.”

நான் படியேறிவிட்டேன். அடுத்த மாதம் அவன் சென்னைக்குப் போனான். முதலாளி அவனைப் பற்றி நல்லவிதமாகவே சொல்லி அனுப்பினார் என்று கேள்விப்பட்டேன். அவன் இடத்துக்கு வந்த பெண் கெட்டிக்காரி. அவள் ஒரு குறிப்பை மூடும் ஒவ்வொரு முறையும் நான் கோப்பைத் திறந்து வரி வரியாகப் பார்க்கிறேன். அவளுக்கு அது வருத்தமாக இருக்கிறது என்று தெரிகிறது. இருந்தும் பார்க்கிறேன்.