பழைய சாப்ட்வேர் போன்

வேலூரில் மூன்று பேர் மட்டும் இருந்த கம்பெனியில் செயலிகளைச் சோதிப்பது என் வேலை. ஆண்ட்ராய்டு எங்கள் பக்கம் வராத காலம். மாதனூரைச் சுற்றி வீடு வீடாகப் போகும் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்காக, கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தைக் குறித்துவைக்கும், சாதாரண போனிலும் ஓடும் ஜாவா செயலி ஒன்றை எழுதியிருந்தோம்.

சோதிக்க மூன்று போன் வாங்கத்தான் வழி இருந்தது. நான் பதினான்கு நர்ஸ்களின் போன்களையும் வாங்கிப் பார்த்துப் பட்டியல் போட்டேன். ஒன்பது பேரிடம் ஒரே மலிவு மாடல். ஆனால் அதிலேயே ஐந்தில் பழைய சாப்ட்வேர், நான்கில் புதிது. மற்ற ஐவரிடம் சின்னத் திரை வைத்த இன்னொரு மாடல். பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று, சின்னத் திரையில் ஒன்று போதும் என்றேன்.

முதலாளி பட்டியலைப் படிக்கவே இல்லை. மூன்று போனுக்கான பணத்தில் புதிதாக வந்த ஒரு டச் போனை வாங்கி வந்தார். "ஆஸ்பத்திரி டைரக்டர்கிட்ட இதுல காட்டினாதாம்மா மதிப்பு. மிச்சத்தைக் கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாரு."

கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக ஓடியது. சோதித்தாயிற்று என்று நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

செயலியை நர்ஸ்களுக்குக் கொடுத்த முதல் வாரமே ஒரு நர்ஸ் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். போனை என் மேஜையில் வைத்தார். "காலையிலேர்ந்து பதினோரு பேரு வீட்டுக்குப் போனேன். போட்டது ஒண்ணுகூட போன்ல இல்ல. இன்னா பண்ணிவச்சிருக்கீங்க? அதுல ஒரு பொண்ணுக்கு பிரஷர் ஜாஸ்தி. நம்பரு மனசுல இருந்ததால ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மறந்திருந்தா?"

முதலாளி சிரித்தார். "போன் பழசும்மா, மாத்திடுங்க."

அந்தச் சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "போன் பழசில்ல சார், நாம பார்க்கல. அவங்க கையில இருக்கிறத விட்டுட்டு உங்க பாக்கெட்ல இருக்கிறதுக்கு செஞ்சோம்" என்று கத்திவிட்டேன். அவர் முகம் சிவந்தது. நான் நிறுத்தவில்லை.

அன்றே பஸ் பிடித்து ஆம்பூர் பஜாருக்குப் போனேன். ரிப்பேர் கடை பாய் அதே மாடலில் இரண்டு பழைய போன்களை எடுத்துக் கொடுத்தார். நட்சத்திரக் குறியும் எண்களும் அழுத்தி சாப்ட்வேர் பதிப்பைப் பார்த்தேன். ஒன்றில் பழைய பதிப்பு, இன்னொன்றில் புதியது.

"பழசுல புது சாப்ட்வேர் ஏத்தித் தரட்டுமாம்மா? காசு வேணாம்."

"வேணாம் பாய். பழசேதான் வேணும்."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸிலேயே இரண்டிலும் செயலியை ஓட்டிப் பார்த்தேன்; கோளாறு பிடிபட்டது. வெளியேறும்போதுதான் மொத்தத்தையும் பதிவு செய்யும்படி செயலியை எழுதியிருந்தோம். நர்ஸ்கள் அழைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பட்டனை அழுத்தி மூடுவார்கள். புதிய பதிப்பு, மூடுவதற்கு முன் பதிவு செய்ய அவகாசம் தந்தது. பழையது சொல்லாமல் கொள்ளாமல் செயலியை நிறுத்தியது. ஒவ்வொரு பெண்ணின் விவரமும் அப்போதைக்கப்போதே பதிவாகும்படி மாற்ற ஒரு நாள்கூட ஆகவில்லை.

அந்த நர்ஸ் பதினோரு வீட்டுக்கும் மறுபடி நடந்தார். முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட என்மேல்தான் எனக்கு இன்னும் கோபம் அதிகம்.